பார்சல் பிராஞ்சில் இருக்கிறது

மன்னார்குடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் காது மந்தம். பழுதான காதுக்கருவியைச் சென்னைக் கடைக்கு அனுப்பியிருந்தார். கடைக்காரர்கள் சரிசெய்து கூரியரில் திருப்பி அனுப்பினார்கள். டெலிவரிக்கு வந்த பையன் கதவைத் தட்டியிருக்கிறான், பெல் அடித்திருக்கிறான், வாசலில் நின்று குரலும் கொடுத்திருக்கிறான். கருவி அவன் பையில் இருக்கும்போது இதெல்லாம் பெரியம்மாவுக்கு எப்படிக் கேட்கும்? அடுத்த நாளும் இதே கதை. மூன்றாம் நாள் பார்சல் ஊரிலுள்ள பிராஞ்சில் உட்கார்ந்துவிட்டது. மூட்டு ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்ததால் பெரியம்மாவால் அங்கே போக முடியாது. கும்பகோணத்திலிருந்து நான் போனேன். ஒரு பெட்டியை வாங்கிவர ஒரு மனிதன் எத்தனை தடவை பிராஞ்சுக்குப் போக வேண்டும் என்று கேட்டால், என் கணக்கில் மூன்று. விவரம் தெரிந்திருந்தால் ஒன்று போதும்.

முதல் தடவை போனது காலை பதினோரு மணிக்கு. கவுண்டரில் இருந்தவர் நம்பரைப் பார்த்துவிட்டு, "லைன்ல போயிருக்கு சார், சாயங்காலம் வாங்க" என்றார். எனக்குப் புரியவில்லை. பிராஞ்சில் இருப்பதாகத்தானே சொன்னார்கள்? விஷயம் இதுதான். கொடுக்க முடியாமல் திரும்பிய பார்சலைப் பல பிராஞ்சுகளில் மறுநாள் காலை மறுபடியும் டெலிவரி பையில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் டிராக்கிங்கில் Out for Delivery என்று இருக்கும். அப்படி இருந்தால் பார்சல் பிராஞ்சில் இல்லை, ஏதோ ஒரு தெருவில் ஒரு பைக்கின் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். அது திரும்பி வந்து, மூட்டையைப் பிரித்து, கணக்கில் ஏற்றிய பிறகுதான் கவுண்டரில் கிடைக்கும். சில ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்சல் நம் ஊர் பிராஞ்சுக்கு வந்திருக்காது, பக்கத்துப் பெரிய ஊரின் ஹப்பில்தான் கிடக்கும். அதனால் கிளம்புவதற்கு முன் பிராஞ்சுக்கே போன் போட்டு, "இன்னிக்கு லைன்ல அனுப்பாதீங்க, நேர்ல வந்து வாங்கிக்கிறோம்" என்று சொல்லி எடுத்துவைக்கச் சொல்லிவிடுவது முதல் வேலை. பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். அவர்களுக்கும் ஒரு அலைச்சல் மிச்சம்.

அதே போனில் இன்னொன்றும் கேட்டுவிட வேண்டும்: எந்தத் தேதி வரைக்கும் வைத்திருப்பீர்கள்? இதற்குத் தனியார் கூரியர்களிடம் பொதுவான கணக்குக் கிடையாது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கெடு தாண்டினால் டிராக்கிங்கில் RTO என்ற மூன்றெழுத்து வந்துவிடும். அனுப்பியவருக்கே திரும்பப் போகிறது என்று பொருள். RTO விழுந்துவிட்டால் பெட்டி கண்முன்னே அலமாரியில் இருந்தாலும் கவுண்டரில் இருப்பவர் கொடுக்கத் தயங்குவார். அனுப்பியவர் தன் பக்கத்தில் சொல்லி அதை நிறுத்த வேண்டும்.

சாயங்காலம் போனபோது பெட்டி இருந்தது. கண்ணால் பார்த்தேன். ஆனால் கொடுக்கவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. பெரியம்மாவிடம் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய கடிதம் கையில் இருந்தது, அவர் ஆதார் நகல் இருந்தது, என் ஆதாரும் இருந்தது. இன்னும் என்னதான் வேண்டுமாம்? ஆனால் பிறகு யோசித்துப் பார்க்கையில் அந்த மனிதர் செய்தது சரி என்றே படுகிறது. கூரியர் நிறுவனத்துக்குப் பணம் கட்டி ஒப்பந்தம் போட்டது சென்னைக் கடை. பெரியம்மா அல்ல, நான் நிச்சயமாக அல்ல. பார்சலை உரியவரிடம் சேர்த்துவிட்டோம் என்று கடைக்குக் காட்ட பிராஞ்சிடம் இருக்கவேண்டியது ஒரே ஒரு சாட்சியம். கூரியர்காரர்கள் அதைப் பிஓடி என்பார்கள். வாங்கியவர் பெயர், கையெழுத்து, தேதி, நேரம் பதிந்த சீட்டு. நாளைக்குப் பெரியம்மா கடையைக் கூப்பிட்டு "எனக்கு வரவே இல்லையே" என்றால், கடை நிறுவனத்தைக் கேட்கும், நிறுவனம் பிராஞ்சைக் கேட்கும். பல இடங்களில் பிராஞ்சு என்பது உள்ளூர்க்காரர் ஒருவர் எடுத்து நடத்தும் ஏஜென்சி. பொருள் தவறானவர் கைக்குப் போய்விட்டால் நஷ்டம் அவர் தலையில் விடியலாம். பிஓடியில் என் கையெழுத்து இருந்தால், அந்தக் கையெழுத்தைப் பெரியம்மாவோடு சேர்த்துக் கட்ட அவருக்கு ஒரு கயிறு வேண்டும். அந்தக் கயிறுதான் கடிதம். உறவு முறையை அவர் பார்ப்பதில்லை. பெற்ற மகனாகவே இருந்தாலும் அவன் மகன் என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம்? அவர் பார்ப்பது தாளில் இருப்பவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதை மட்டும்.

என்னிடம் இருந்த தாள்கள் மூன்று இடங்களில் பொருந்தவில்லை.

முதலாவது, கடிதத்தில் பார்சல் எண் இல்லை. "எனக்கு வந்துள்ள பார்சலை என் தங்கை மகனிடம் கொடுக்கவும்" என்று பெரியம்மா அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். எந்தப் பார்சல்? அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் பெயருக்கு வரும் எதையும் யாராவது எப்போதும் வாங்கலாமே. ஒவ்வொரு பார்சலுக்கும் ஒரு எண் உண்டு. புக் செய்தபோது கொடுத்த ரசீதிலும் பெட்டி மேல் ஒட்டிய பார்கோடுக்குக் கீழேயும் இருக்கும். ஏர்வே பில் நம்பர், கன்சைன்மென்ட் நம்பர், டாக்கெட் நம்பர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள், எல்லாம் ஒன்றுதான். அந்த எண் கடிதத்தில் ஏறினால்தான் கடிதம் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் கட்டுப்படும். அது பிராஞ்சுக்கும் பாதுகாப்பு, எழுதிக்கொடுத்தவருக்கும் பாதுகாப்பு.

இரண்டாவது, பெயர். இது தமிழர்களான நம்முடைய தனிச் சொத்து. பெரியம்மாவின் பெயரைச் சரஸ்வதி என்று வைத்துக்கொள்வோம். கடையில் பில் போட்டபோது எம். சரஸ்வதி என்று சொல்லியிருக்கிறார், எம் என்பது பெரியப்பாவின் பெயரின் முதலெழுத்து. ஆதாரிலோ அவருடைய அப்பா பெயரைப் பின்னால் சேர்த்துச் சரஸ்வதி ராமசாமி என்று இருக்கிறது. பெட்டியில் இருப்பவரும் ஆதாரில் இருப்பவரும் ஒரே ஆள் என்று கவுண்டரில் இருப்பவர் எதை வைத்து நம்புவார்? கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறிய பெண்கள், ஆவணத்தில் விரித்து எழுதப்பட்ட இனிஷியல், கூப்பிடும் பெயர் வேறு பதிவான பெயர் வேறு என்று இருப்பவர்கள், எல்லோருக்கும் இந்தக் கவுண்டரில் ஒரு நாள் சிக்கல் வரும். வடக்கே குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தொல்லை இருக்காது என்று நினைக்கிறேன். இதற்குத் தீர்வு எளிது. பெட்டியில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, "ஆதாரில் இன்ன பெயரில் உள்ள நானே" என்று கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். முகவரி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அந்த வரி எடுபடும். பெரியம்மா விஷயத்தில் கதவு எண்ணும் தெருவும் அப்படியே பொருந்தின.

மூன்றாவதுதான் எனக்கு உறைக்காதது. கடிதத்தில் போட்டிருக்கும் கையெழுத்து பெரியம்மாவுடையதுதான் என்று எப்படித் தெரியும்? ஆதாரில் புகைப்படம் இருக்கிறது, எண் இருக்கிறது, ஆனால் நம் கையெழுத்து இல்லை. வாக்காளர் அட்டையிலும் அப்படித்தான், அதில் இருப்பது அதிகாரியின் கையெழுத்து. ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது பான் கார்டும் பாஸ்போர்ட்டும். இவற்றில் உரியவரின் கையெழுத்தே இருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் எதற்கெடுத்தாலும் ஆதாரைத்தான் நீட்டுகிறோம். ஒப்புதல் கடிதத்துக்குத் துணையாக வைக்கப் பான் கார்டு நகல்தான் மேல். அது இல்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. கவுண்டரிலிருந்தே உரியவருக்குப் போன் போட்டுக் கேட்பார்கள். அந்த வழியும் எனக்கு அடைபட்டிருந்தது, காரணம் சொல்லத் தேவையில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்றால் கைநாட்டு வைத்து, அருகில் ஒருவர் சாட்சிக் கையெழுத்தும் போன் நம்பரும் போடுவது வழக்கம்.

ராத்திரி உட்கார்ந்து மறுபடி எழுதினோம். முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம், கோடு போட்ட தாளே போதும். எழுதியது ஏறக்குறைய இப்படி: மேலே தேதியும் ஊரும். "மேலாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி, "சென்னையிலிருந்து இன்ன கடை அனுப்பிய, இன்ன எண்ணுள்ள பார்சல் என் பெயரான எம். சரஸ்வதி என்பதற்குத் தங்கள் கிளையில் உள்ளது. ஆதாரிலும் பான் கார்டிலும் சரஸ்வதி ராமசாமி என்று உள்ளது நானே. மூட்டு அறுவைச் சிகிச்சை செய்துள்ளதால் நேரில் வர இயலவில்லை. இக்கடிதம் கொண்டுவரும் என் தங்கை மகன் இன்னாரிடம் (அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்கள் இவை) இந்தப் பார்சலை மட்டும் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவர் பெற்றுக்கொள்வதை நான் பெற்றதாகவே ஏற்கிறேன்." கீழே பெரியம்மாவின் கையெழுத்து, பான் கார்டில் உள்ளது போலவே. அதற்கடுத்து என் மாதிரிக் கையெழுத்து. கடைசி வாக்கியம்தான் கடிதத்தின் உயிர். அது இருந்தால்தான் பிஓடியில் நான் போடும் கையெழுத்துக்குப் பெரியம்மா பொறுப்பேற்கிறார் என்று ஆகும்.

நகல்களின் மேலும் குறுக்கே எழுதினோம்: "இன்ன எண் பார்சல் வாங்க மட்டும்", தேதி, கையெழுத்து. இந்த நகல் நாளைக்கு எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. குறுக்கே எழுதிய நகலை வைத்து வேறு எதற்கும் பயன்படுத்துவது கடினம். ஆதார் நகல்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்தே கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை இறக்கிக்கொள்ளலாம். வாங்கப் போகிறவர் தன் அசல் அட்டையைக் கையில் எடுத்துப் போக வேண்டும். போனில் இருக்கும் படத்தைக் காட்டினால் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்கமாட்டார்கள். உரியவர் வெளியூரில் இருந்து கடிதத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் விஷயமும் அப்படித்தான். பிராஞ்சில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அச்செடுத்துக் கொண்டுபோவது நல்லது.

எழுதி முடித்ததும் பெரியம்மா, "இன்னும் நாலு தாள்ல கையெழுத்துப் போட்டுத் தரேன், வெச்சுக்கோடா, அடுத்த தடவைக்கு ஆகும்" என்றார். வேண்டாம் பெரியம்மா என்று சைகையில் சொல்ல எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எண் நிரப்பாத, தேதி போடாத கையெழுத்துத் தாள் என்பது பூர்த்தி செய்யாத காசோலை மாதிரி.

காகிதம் சரி. ஆனால் ஓடிபி என்று ஒன்று இருக்கிறதே. இப்போது பல பார்சல்களில் கையெழுத்தின் வேலையை அதுவும் சேர்ந்து பார்க்கிறது. அது பார்சலில் பதிவான போன் நம்பருக்குப் போகும். நம்பரை எழுதிக்கொடுத்தது யார்? அனுப்பியவர். சென்னைக் கடையின் கணக்கில் இருந்தது சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனின் பழைய இந்திய நம்பர். அந்தச் சிம் எந்த மேஜை டிராயரில் கிடக்கிறதோ அவனுக்கே தெரியாது. பிராஞ்சில் நம்பரை மாற்றச் சொன்னால், "எங்களால முடியாது சார், அனுப்பினவங்கதான் சொல்லணும்" என்றார்கள். மறுபடியும் அதே காரணம்தான், ஒப்பந்தம் கடையோடு. கடைக்குப் போன் போட்டேன். அவர்கள் தங்கள் கணக்கு வழியாகக் கூரியரிடம் சொல்லி நம்பரை மாற்ற மறுநாள் மதியம் ஆயிற்று. பிராஞ்சோடு மல்லுக்கட்டுவதை விட அனுப்பியவரைப் பிடிப்பது விரைவான வழி என்பது அப்போது புரிந்தது. முகவரி திருத்துவது, RTO நிறுத்துவது, கூடுதலாக இரண்டு நாள் வைத்திருக்கச் சொல்வது எல்லாமே அவர் வாயிலிருந்து வந்தால் நடக்கும்.

மூன்றாவது தடவை போனபோது பத்து நிமிடத்தில் முடிந்தது. கடிதத்தையும் பான் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். ஓடிபி என் போனுக்கு வந்தது. பெட்டி மேஜைக்கு வந்த பிறகே அதைச் சொன்னேன். ஓடிபியைச் சொன்ன நொடியில் கணினியில் Delivered என்று ஏறிவிடும். அதற்குப் பின் பொருள் கைக்கு வரவில்லை என்று நிரூபிக்க நாம்தான் அலைய வேண்டும். கையெழுத்துக்கும் இதே விதிதான். பெட்டியைத் திருப்பிப் பார்த்து, ஒட்டிய டேப் கிழிந்து வேறு டேப் மேலே ஒட்டியிருக்கிறதா, மூலை நசுங்கியிருக்கிறதா, எடை குறைவாகத் தோன்றுகிறதா என்று பார்த்த பிறகே போட வேண்டும். சேதம் இருந்தால் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே "பெட்டி சேதம்" என்று எழுதி, படமும் எடுத்துக்கொள்வது புகார் செய்ய நேர்ந்தால் உதவும். பிறருக்காக வாங்கப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தன் பொருள் இல்லை என்பதால் வாங்கியதும் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டில் பிரிக்கும்போது உள்ளே உடைந்திருந்தால், பிஓடியில் இருக்கும் சுத்தமான கையெழுத்து நமக்கு எதிராகவே பேசும்.

எந்தக் கடிதத்துக்கும் அசையாத பார்சல்களும் உண்டு. வங்கிகள் அனுப்பும் டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு உறைகளில் உரியவரிடம் மட்டும் கொடுக்கவும், வேறு முகவரிக்குத் திருப்பிவிட வேண்டாம் என்று வங்கியே நிபந்தனை போட்டிருந்தால், எவ்வளவு நல்ல கடிதம் கொண்டுபோனாலும் பிராஞ்சில் கையை விரித்துவிடுவார்கள். கெஞ்சிப் பயனில்லை. வங்கியைக் கூப்பிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பதுதான் வழி.

தபால் நிலையத்தில் கதை கொஞ்சம் வேறு. அங்கே விதிகள் நாடு முழுக்க ஒன்று. தபால்காரர் வந்தபோது வீடு பூட்டியிருந்தால் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போவார். பொருள் பொதுவாக 7 நாள் டெலிவரி செய்யும் தபால் நிலையத்தில் காத்திருக்கும், பிறகு அனுப்பியவருக்கே திரும்பும். வீட்டுக்கு அருகில் இருக்கும் தபால் நிலையம் எல்லாமே டெலிவரி செய்பவை அல்ல. அதனால் பின்கோடைப் பார்த்து எந்த நிலையம் என்று கேட்டுப் போக வேண்டும். 2025இல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. இப்போது சாதாரண ஸ்பீட் போஸ்ட் முகவரிக்கு உரியது, அந்த வீட்டில் இருக்கும் ஒருவர் வாங்கிக்கொள்ளலாம். அனுப்பியவர் கூடுதலாகப் பதிவு வசதி கேட்டிருந்தால் அது ஆளுக்கு உரியது, பெயருக்கு உரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் கொடுப்பார்கள். கடிதம் அங்கேதான் தேவைப்படும். மேலே சொன்ன அதே கடிதம், ஸ்பீட் போஸ்ட் எண்ணோடு. அந்த எண் இரண்டு எழுத்தில் தொடங்கி, ஒன்பது இலக்கம் ஓடி, IN என்று முடியும்.

நடுவில் நான் செய்யவிருந்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லியாக வேண்டும். பிராஞ்சு நம்பர் கிடைக்காமல் கூகுளில் தேடி, முதலில் வந்த "வாடிக்கையாளர் சேவை" எண்ணுக்குப் போட்டேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார், பார்சல் நம்பர்கூடக் கேட்கவில்லை. ஐந்து ரூபாய் கட்டினால் மறுபடி டெலிவரி செய்கிறோம் என்று ஒரு லிங்க் அனுப்பினார். பார்சல் நம்பர் கேட்காத கூரியர்காரர் எங்கேயாவது உண்டா? அந்த ஒரு சந்தேகத்தில் வைத்துவிட்டேன். இவர்களில் சிலர் *401* என்று தொடங்கி ஒரு நம்பரை டயல் செய்யச் சொல்வார்கள். செய்தால் நமக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகத் தொடங்கும், அழைப்பில் வரும் ஓடிபியும் சேர்ந்து போகும். பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930. பிராஞ்சின் நம்பரை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தோ, அனுப்பியவரின் ரசீதிலிருந்தோ எடுக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கருவியை மாட்டிக்கொண்டு பெரியம்மா முதலில் சொன்னது, "ஏண்டா இப்படிக் கத்திப் பேசுறே?" என்பதுதான்.

அடுத்த மாதம் அதே கடை சார்ஜரை அனுப்புவதாகச் சொன்னது. இந்த முறை கடிதம் எதுவும் எழுதவில்லை. பக்கத்து வீட்டில் பகல் முழுக்க இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு, பார்சலை அவர் பெயருக்கு, அவர் முகவரிக்கு, அவர் போன் நம்பர் போட்டு அனுப்பச் சொன்னேன்.